வெப்பநிலையை மட்டும் மாற்றியபோது

உல்சான் நகரத்தின் அந்த இரண்டாண்டுத் தொழில்நுட்பக் கல்லூரியில் கில் ஓக்-சன்னுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'அலகு டீச்சர்'. கரும்பலகையில் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் அதன் அலகை எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். மாணவன் எழுந்து "நாலு புள்ளி எட்டு" என்றால், "நாலு புள்ளி எட்டு என்ன? முட்டையா, முள்ளங்கியா?" என்று கேட்பார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பார். பிறகு அவன் "கிலோஜூல்" என்று சொன்னால்தான் உட்காரச் சொல்வார்.

இளமையில் அவர் ஓர் உரத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அமோனியா மாதிரிகளைச் சோதித்து முடிவு எழுதுகிற வேலை. சாயங்காலம் படித்துப் பட்டம் வாங்கியபோது முப்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் இந்தக் கல்லூரி. மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் அவர். பருவத்துக்குப் பருவம் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வகுப்பு. இயல்வேதியியல் மாலை வகுப்பைப் பத்தொன்பது வருஷமாக அவர்தான் எடுத்துவந்தார். மாணவர்களில் பாதிப்பேர் பக்கத்துப் பெட்ரோ ரசாயன ஆலைகளில் ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்கள். வேலை உடுப்போடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து தூங்குவார்கள். தூங்குகிறவர்களை அவர் எழுப்ப மாட்டார். ஆனால் விடைத்தாளில் அலகு விடுபட்டிருந்தால் மதிப்பெண் தரவும் மாட்டார்.

அவர் மிகவும் அழுத்திச் சொல்லித்தந்த பாடம் ஒன்று உண்டு. ஒரு வினையின் திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றம் தெரிந்தால், அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதைச் சொல்லும் சமநிலை மாறிலியைக் கணக்கிட்டுவிடலாம். ஆற்றலை வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் வகுத்து, குறியை மாற்றி, அடுக்கில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஆற்றல் அட்டவணையில் கிலோஜூலில் இருக்கும். வாயு மாறிலியான எட்டு புள்ளி மூன்று ஒன்று நான்கோ ஜூலில் இருக்கும். ஆயிரத்தால் பெருக்க மறந்தால் கணக்குப்பொறி மறுக்காமல் விடை சொல்லும்.

"என்ன விடை வரும் தெரியுமா?" என்பார். "எல்லாத்துக்கும் ஒண்ணு. இரும்பு துருப்பிடிச்சாலும் ஒண்ணு, தண்ணி பிரிஞ்சாலும் கிட்டத்தட்ட ஒண்ணு. இந்த உலகத்துல எல்லா வினையும் நட்ட நடுவுல நிக்குதுன்னு உங்க விடைத்தாள் சொல்லும். நம்பிடாதீங்க."

வெப்பநிலையைச் செல்சியஸில் போட்டுவிடாதீர்கள் என்பார். இயல் மடக்கைக்குப் பதில் பத்தடி மடக்கையை அழுத்திவிடாதீர்கள் என்பார். இவை எல்லாவற்றையும் சொன்னார்.

*

அந்த டிசம்பரில் பருவத் தேர்வு முடிந்து மதிப்பெண் வெளியான மறுநாள், விடைத்தாளைப் பார்க்க மாணவர்கள் வரும் நாள். ஆசிரியர்களுக்கான பொது அறையின் மூலையில் கில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஹீட்டர் எரிந்தும் குளிர் போகவில்லை. முதல் ஆளாக வந்தவள் பியோ செ-ரின்.

வகுப்பில் யாருக்கும் அவளைப் பிடிக்காது. தேர்வு முடிந்து எல்லோரும் பன்றி எலும்புக் குழம்புச் சோறு சாப்பிடப் போகும்போது அவள் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவாள். பழைய கேள்வித்தாள்களை ஒவ்வொரு வகுப்பும் அடுத்த வகுப்புக்குக் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். மாணவர்கள் அதை 'வம்சாவளி' என்பார்கள். அந்தக் கட்டைக்கூட அவள் வாங்கியதில்லை, கொடுத்ததும் இல்லை.

"மூணாவது கேள்வி ரெண்டாவது பகுதி. பதினஞ்சுக்கு மூணு போட்டிருக்கீங்க. தப்பு டீச்சர்."

"என்ன தப்பு?"

"நான் தப்பில்ல. நீங்க தப்பு."

பக்கத்து மேஜையில் பேனாவை மூடிக்கொண்டிருந்த உதவியாளர் பாங் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

கில் டீச்சர் தாளைப் பிரித்தார். கேள்வி அவருக்கு மனப்பாடம். நிறமற்ற நைட்ரஜன் ஆக்சைடு ஒன்று இரண்டாகப் பிளந்து பழுப்பு வாயுவாகும் வினை. முதல் பகுதி, இருபத்தைந்து டிகிரியில் சமநிலை மாறிலி என்ன. இரண்டாம் பகுதி, எழுபத்தேழு டிகிரியில், அதாவது முந்நூற்றைம்பது கெல்வினில், மாறிலி என்ன. மேலே அட்டவணை: என்தால்பி மாற்றம் 57.2 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு 175.8 ஜூல், கட்டிலா ஆற்றல் மாற்றம் 4.8 கிலோஜூல். அட்டவணையின் தலையில் '298 கெல்வினில்' என்று இருந்தது.

அவருடைய விடைக்குறிப்பில் 0.19 என்று இருந்தது. செ-ரின் 4.4 என்று எழுதியிருந்தாள்.

"என்தால்பியிலிருந்து ஆரம்பிச்சிருக்கே. எதுக்கு? ஆற்றல் நேராவே கொடுத்திருக்கே?"

"அது இருபத்தஞ்சு டிகிரிக்கான ஆற்றல். நீங்க கேட்டது எழுபத்தேழு. சூடு மாறினா அதுவும் மாறாதா?"

கில் டீச்சர் கணக்குப்பொறியை அருகில் நகர்த்தினார். ஒரு வெள்ளைத்தாளை இழுத்து வைத்துக்கொண்டார். முந்நூற்றைம்பதை 0.1758 கிலோஜூலால் பெருக்கினார்: 61.53 கிலோஜூல். அலகு எழுதினார். 57.2-லிருந்து கழித்தார். மைனஸ் 4.33 கிலோஜூல். குறியே மாறிவிட்டது. ஆயிரத்தால் பெருக்கி, எட்டு புள்ளி மூன்று ஒன்று நான்காலும் முந்நூற்றைம்பதாலும் வகுத்தார். நான்கு புள்ளி நான்கு.

"ரெண்டு விடையிலயும் மாறிலி ஏறத்தான் செய்யுது டீச்சர்," என்றாள் செ-ரின். "முதல் பகுதியில 0.14. உங்க கணக்குல 0.19. பார்க்கறதுக்குச் சரி மாதிரிதான் இருக்கும். ஆனா அது ஏறினது சூட்டால ஆற்றல் மாறினதுனால இல்ல. வகுக்கற எண் பெருசாச்சு, அதனால. அவ்வளவுதான்."

அவள் சொல்வது சரி என்பது கில் டீச்சருக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அது எங்கே நடந்தது என்பதுதான் கண்முன் வந்தது. போன வருஷம் இந்தக் கேள்விக்கு இரண்டாம் பகுதி கிடையாது. வம்சாவளிக் கட்டில் விடை இருக்கிறது, அப்படியே கேட்டால் பார்த்து எழுதிவிடுவார்கள் என்று, இருபத்தைந்து என்ற எண்ணை எழுபத்தேழாக மாற்றி ஒரு பகுதியைச் சேர்த்திருந்தார். விடைக்குறிப்பையும் அதே தாளிலிருந்து எடுத்தார். கெல்வினாக மாற்றினார். கிலோஜூலை ஜூலாக மாற்றினார். ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு இருந்தது, ஒவ்வொரு அலகும் மேலும் கீழும் சரியாக வெட்டுப்பட்டது. எல்லாம் அவ்வளவு சுத்தமாக இருந்ததால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெப்பநிலையை மட்டும் மாற்றிவிட்டு ஆற்றலை இருந்த இடத்திலேயே விட்டிருந்தார். திட்ட ஆற்றல் என்றால் இருபத்தைந்து டிகிரி ஆற்றல் என்று மனசின் ஏதோ ஒரு மூலை இத்தனை வருஷமும் எடுத்துக்கொண்டிருந்தது. 'திட்ட' என்பது அழுத்தத்தைச் சொல்கிற சொல்; வெப்பநிலையைச் சொல்வதே இல்லை. இது அவருக்குத் தெரியாததல்ல.

"நீ சொல்றது சரி," என்றார்.

செ-ரின் தலையாட்டினாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "அப்போ திருத்துவீங்களா? நாளைக்கு சாயங்காலம் கடைசி."

"தெரியும்."

*

அவள் போன பிறகுதான் கில் டீச்சர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். பார்க்காமலே தெரிந்ததுதான். வகுப்பில் அந்தக் கேள்வியை இப்படிப் போட்டவள் ஒருத்திதான். சிலர் எழுபத்தேழை அப்படியே கெல்வின் என்று போட்டிருந்தார்கள். ஒருவன் ஆயிரத்தை மறந்து 0.998 என்று எழுதியிருந்தான். மற்றவர்கள் எல்லாம் 0.19, முழு மதிப்பெண்.

அந்த முழு மதிப்பெண்காரர்களில் ஒருவன் யொம் தல்-ஹோ.

முப்பத்தாறு வயது. பெரிய ரசாயன ஆலை ஒன்றில் ஒப்பந்தக்காரரின் ஆளாகப் பதினொரு வருஷம். அதே ஆலைக்குள் அதே குழாய்களைத்தான் பார்க்கிறான், ஆனால் சம்பளம் பாதி; சாப்பாட்டுக்கூடம் வேறு; தலைக்கவசத்தின் நிறமும் வேறு. அந்த ஆலை அந்த வருஷம் கல்லூரிக்கு ஒரே ஓர் இடம் தந்திருந்தது: துறை பரிந்துரைக்கிற ஒருவரை நேரடியாக நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொள்ளும். மற்ற எல்லாப் பாடங்களையும் கூட்டினால் தல்-ஹோவும் செ-ரினும் சமம். இயல்வேதியியல்தான் பாக்கி. அவனுக்குத் தொண்ணூறு. அவளுக்கு எழுபத்தாறு.

வகுப்புத் தலைவன் அவன்தான். மழைநாட்களில் கில் டீச்சரைப் பஸ் நிறுத்தம்வரை தன் வண்டியில் கொண்டுவிடுகிறவன் அவன்தான். இரண்டு பெண் குழந்தைகள்.

துறைத்தலைவர் மா சாங்-கியு அறைக்குள் கூப்பிட்டு பார்லி டீ ஊற்றிக் கொடுத்தார். விஷயம் உதவியாளர் மூலம் போய்ச் சேர்ந்திருந்தது.

"கில் டீச்சர், இதுல பெருசா ஒண்ணுமில்ல. கேள்வியில குழப்பம் இருந்தா என்ன செய்வோம்? ரெண்டு விடையும் சரின்னு எடுத்துக்குவோம். அந்தப் பொண்ணுக்கு முழு மதிப்பெண் குடுத்துடுங்க. எண்பத்தெட்டு ஆயிடும். அவளும் சந்தோஷமா போவா."

"தல்-ஹோ தொண்ணூறுலயே இருப்பான்."

"இருக்கட்டுமே. நல்ல பையன். புள்ளைங்க இருக்கு. அவளுக்கு வயசு இருபத்தொண்ணு, எங்க வேணாலும் வேலை கிடைக்கும்."

"சார், கேள்வியில குழப்பம் இல்ல. அட்டவணை தலைப்புல வெப்பநிலை இருக்கு. கேள்வி சரியான கேள்வி. என் விடைதான் தப்பு."

மா சாங்-கியு டீயை ஒரு வாய் குடித்தார். கோபப்படவில்லை. "ஒரு வகுப்பு முழுக்க மதிப்பெண் குறைச்சா பெற்றோர் போன் பண்ணுவாங்க. மேல இருந்து கேப்பாங்க. மணிக்கணக்கு ஆசிரியர் தேர்வையே தப்பா வச்சிருக்காங்கன்னு எழுதுவாங்க. அடுத்த பருவம் வகுப்பு பிரிக்கறப்போ என் கையைக் கட்டிடுவாங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது மிரட்டல் இல்லை. கில் டீச்சருக்கு அது புரிந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துவந்தார்.

ஒரு வழியும் அவருக்குத் தோன்றாமல் இல்லை. தப்பான ஆற்றலை வைத்தாலும் மற்ற படிகள் சரியாக இருக்கின்றனவே, பகுதி மதிப்பெண் தரலாம். ஐந்து தரலாம். ஏன், பதின்மூன்றுகூடத் தரலாம். தாளில் எழுதிப் பார்த்தார்: பதின்மூன்று தந்தால் தல்-ஹோவும் எண்பத்தெட்டு. பதினான்கு தந்தால் எண்பத்தொன்பது. எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவனுக்கு என்ன மதிப்பெண் வர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அதற்குப் படிகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது விளங்கியது. அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். அலகு மாற்றத்துக்கு மூன்று, கெல்வினுக்கு இரண்டு. எல்லோருக்கும் அதே; அவனுக்கு எண்பது வரும்.

தல்-ஹோவுக்கு போன் செய்து, மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார். பட்டியலில் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தார்.

*

மறுநாள் மதியம் ஷிப்ட் முடித்து நேராக வந்தான். கையில் சூடான மீன் வடிவ ரொட்டிப் பொட்டலம்.

"என்ன டீச்சர், ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கீங்க? கண்ணாடி ஏதும் உடைச்சுட்டனா? நான் உடைச்சா சொல்லிடுவேனே. அந்தக் குட்டை கிம்தான் சொல்ல மாட்டான்." சிரித்தான். "இந்தாங்க, சிவப்புப் பயறு வச்சது."

"உக்காரு தல்-ஹோ."

நச்சு வாயுவை வெளியே இழுக்கும் காற்றுப்போக்கிப் பெட்டிக்குள், வாயை உருக்கி மூடிய கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தாங்கியில் வைத்திருந்தார். உள்ளே தேர்வில் கேட்ட அதே வாயு, வெளிர் பழுப்பாக. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையில் சுடுதண்ணீர், அதில் வெப்பமானி. அவர் விடைத்தாளை அவன் முன் வைத்து, நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவன் சிரிப்பு முதலில் நின்றது. பிறகு விடைத்தாளையே பார்த்தான்.

"ஆனா டீச்சர், நாலு புள்ளி எட்டு நீங்கதான குடுத்தீங்க."

"ஆமா. இருநூத்தித் தொண்ணூத்தெட்டு கெல்வினுக்குக் குடுத்தேன்."

"போன வருஷத்துக்காரங்க தாள்லயும் அப்படித்தான் போட்டிருக்கு. நாலு புள்ளி எட்டு, ஆயிரத்தால பெருக்கு, வகு. நீங்க சொன்ன மாதிரி. அலகு மாத்தினேனா? மாத்தினேன். கெல்வின் போட்டேனா? போட்டேன்."

"அந்தத் தாள்ல வெப்பநிலை இருபத்தஞ்சு. அதனால அது சரி."

வெப்பமானி எழுபத்தெட்டைக் காட்டியது. கில் டீச்சர் இடுக்கியால் குழாயை எடுத்துத் தண்ணீரில் இறக்கினார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழுப்பு முதலில் அடிப்பக்கம் கனத்தது. பிறகு குழாய் முழுக்கப் பரவி, பின்னால் வைத்திருந்த வெள்ளைத்தாளின் எழுத்து மங்கிப்போகும் அளவுக்குக் கறுத்துச் சிவந்தது.

"உன் கணக்கும் ஏறும்னுதான் சொல்லுச்சு," என்றார். "என் கணக்கும்தான். ஆனா 0.19-னா பிளந்தது இன்னும் சின்னப் பக்கம்தான். நிறமில்லாததுதான் தூக்கலா நிக்கணும். இதுல மாறிலி ஒண்ணைத் தாண்டிப் போயிருக்கு, பாரு. ஆற்றலோட குறியே திரும்பிடுச்சு."

"எனக்குத் தெரியாதா டீச்சர்?" அவன் குரல் திடீரென்று ஏறியது. "பதினொரு வருஷமா உலைய சூடாக்கறவன் நான். சூடு ஏத்தினா எந்தப் பக்கம் போகும், இறக்கினா எந்தப் பக்கம் போகும்னு மீட்டர் பாக்காமலே சொல்லுவேன். உங்க தேர்வுத் தாள்ல உங்க மாதிரி போட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

கில் டீச்சர் மறுக்கவில்லை.

"ரெண்டு விடையும் சரின்னு போட்டுடலாமே. வேற பாடத்துல எல்லாம் போடறாங்க."

"போடலாம். தலைவர் அப்படித்தான் போடச் சொல்றார்."

அவன் நிமிர்ந்தான். முகத்தில் நம்பிக்கை ஏறியதை அவர் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருந்தது.

"போட மாட்டேன் தல்-ஹோ. குழாய்க்குள்ள ரெண்டு விடை இல்ல."

அவன் ரொட்டிப் பொட்டலத்தை மேஜை ஓரத்துக்குத் தள்ளினான். பொட்டலத்தின் காகிதம் எண்ணெய் ஊறி ஈரமாகியிருந்தது.

"தப்பு உங்களோடது," என்றான் கடைசியில், மெதுவாக. "தண்டனை எனக்கு. அது என்ன கணக்கு டீச்சர்? அதுக்கு ஏதாவது அலகு இருக்கா?"

"எனக்கும் வரும்," என்று மட்டும் சொன்னார். சொன்னதும் அது எவ்வளவு சின்னச் சொல் என்று உணர்ந்தார்.

"உங்களுக்கு வந்தா எனக்கென்ன லாபம்?" அவன் எழுந்து தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டான். கதவருகில் வழக்கம்போலக் குனிந்து வணங்கினான். அந்த வணக்கத்தில் பாதிதான் குனிந்தான்.

*

திருத்தத்துக்கான காரணம் எழுதும் இடம் இரண்டு விரல் அகலம்தான். 'கணக்கீட்டுப் பிழை' என்று போட்டால் போதும் என்றார் உதவியாளர் பாங். "எல்லாரும் அதான் போடுவாங்க டீச்சர். யாரும் படிக்கறதில்ல."

"கணக்கீட்டுல பிழை இல்லம்மா."

சின்ன எழுத்தில் நெருக்கி எழுதினார்: 'கேள்வியின் வெப்பநிலையை மாற்றியபின் திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றத்தை அந்த வெப்பநிலைக்குக் கணக்கிடாமல் விடைக்குறிப்பு தயாரிக்கப்பட்டது. பிழை ஆசிரியருடையது. சரியான விடை 4.4 மட்டுமே.' கீழே முத்திரை பதித்தார். துறைத்தலைவர் முழுவதும் படித்துவிட்டுத் தன் முத்திரையையும் பதித்தார். பதித்த பிறகு, "நீங்க ரொம்பக் கஷ்டமான ஆள், கில் டீச்சர்," என்றார்.

பரிந்துரை செ-ரினுக்குப் போனது. பட்டியல் ஒட்டப்பட்ட அன்று நடைவழியில் அவள் எதிரே வந்தாள்.

"நன்றி சொல்லணுமா டீச்சர்?"

"வேண்டாம்."

"சரி," என்றாள். இரண்டடி போய் நின்றாள். "வகுப்புல யாரும் என்கிட்ட பேசறதில்ல. முன்னாடியும் பேசமாட்டாங்க. இப்ப பாக்கறதும் இல்ல."

கில் டீச்சர் அவளைப் பார்த்தார். முதல்முறையாக அவளுக்கு இருபத்தொரு வயதுதான் என்பது கண்ணில் பட்டது. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றாள். ஒன்றாகக் கீழே போய் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். பேச இருவருக்கும் அதிகம் ஒன்றும் இருக்கவில்லை.

மார்ச்சில் புதுப் பருவத்தின் கால அட்டவணை வந்தது. இயல்வேதியியலுக்கு நேரே வேறோர் ஆசிரியரின் பெயர் இருந்தது. கில் டீச்சருக்கு ஆய்வுக்கூட வகுப்பு ஒன்றை மட்டும் தந்திருந்தார்கள், வாரம் மூன்று மணி. வருமானத்துக்குப் போதாமல், ஆலைத்தொழிலாளர்கள் உரிமத் தேர்வுக்குப் படிக்கும் பயிற்சி மையம் ஒன்றில் காலை வேளைகளில் சொல்லித்தரப் போனார்.

அந்த மையம் ஆலைகளுக்குப் போகும் பெரிய சாலையில் இருந்தது. ஏப்ரலில் ஒரு காலை, சாலையைக் கடக்க அவர் நின்றபோது ஒப்பந்தத் தொழிலாளர்களின் பஸ் சிக்னலில் வந்து நின்றது. ஜன்னலோரம் தல்-ஹோ. மடியில் மஞ்சள் தலைக்கவசம். அவரைப் பார்த்தான். அவரும் பார்த்தார். தலையைத் தாழ்த்தலாமா என்று அவர் யோசிப்பதற்குள் அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

பச்சை விளக்கு எரிந்தது. பஸ் புறப்பட்டு வளைவில் மறையும்வரை கில் டீச்சர் நடைபாதையிலேயே நின்றார். பாதசாரிகளுக்கான விளக்கு ஒருமுறை வந்து போயிருந்தது. அடுத்தது வரட்டும் என்று காத்திருந்து, சாலையைக் கடந்து வகுப்புக்குப் போனார்.